பன்றிக்கறியே சாப்பிடாதவர் மூளையில் நாடாப்புழு

வைவாவில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வலிப்பு வந்த ஒருவருக்கு சி.டி. எடுத்தால் மூளையில் சின்ன நீர்க்கட்டி, உள்ளே ஒரு புள்ளி. கட்டி டீனியா சோலியம் என்ற பன்றி நாடாப்புழுவின் லார்வா, புள்ளி அதன் தலை. ஆனால் ஆள் பரம்பரைச் சைவம். எப்படி வந்தது?

பாதிப் பேர் ‘வேகாத பன்றிக்கறி’ என்பார்கள். அந்தக் கறியில் இருப்பது லார்வா. அதைத் தின்றால் குடலில் முழுப் புழு வளரும், மூளையில் கட்டி வராது. புழு இனமுதிர்ச்சி அடையும் உடல் என்பதால் அங்கே மனிதன் டெஃபினிட்டிவ் ஹோஸ்ட். அவர் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அதைத் தின்னும் பன்றியின் தசையில் லார்வா உருவாகும், எனவே பன்றி இன்டர்மீடியட் ஹோஸ்ட்.

நம் சைவக்காரர் விழுங்கியது முட்டையை. குடலில் புழு உள்ள ஒருவர் கை கழுவாமல் பரிமாறிய சட்னியே போதும். முட்டை பொரிந்து, ரத்தம் வழியாக மூளைக்குப் போய் லார்வாவாகத் தங்கிவிட்டது. பன்றி இருக்க வேண்டிய இடத்தில் இவர் இருக்கிறார். அதாவது இன்டர்மீடியட் ஹோஸ்ட். குடலில் புழு உள்ளவர் தன் முட்டையைத் தானே விழுங்கினால் ஒரே ஆள் இரண்டுமாகவும் ஆகலாம்.

ஆக, உருவத்தில் பெரிய உயிர்தான் டெஃபினிட்டிவ் என்று நினைக்கக் கூடாது. மலேரியாவில் மாணவர்கள் மாட்டுவது இதில்தான். ‘கிருமியின் ஆண், பெண் வடிவமான கேமிட்டோசைட் நம் ரத்தத்தில்தானே உண்டாகிறது சார்?’ என்று வாதாடுவார்கள். உண்டாவது இங்கே, சரி. ஆனால் அவை பாலணுக்களாக முதிர்ந்து கூடிக் கருவுறுவது பெண் அனாஃபிலிஸ் கொசுவின் வயிற்றில். கொசு டெஃபினிட்டிவ், நாம் இன்டர்மீடியட்.

லார்வா வளராமல் காத்திருக்க மட்டும் இடம் தரும் பாராடெனிக் ஹோஸ்டுக்கு நாத்தோஸ்டோமா என்ற உருளைப்புழுவைச் சொல்லுங்கள். முழுப் புழு நாய், பூனையின் இரைப்பையில் இருக்கும். லார்வா முதலில் சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரிலும் பிறகு மீனிலும் வளரும். அந்த மீனைப் பாம்போ பறவையோ தின்றால் லார்வா உயிரோடு காத்திருக்கும், ஆனால் அடுத்த கட்டத்துக்கு வளராது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பயணி மாதிரி. பாம்பை நீக்கிவிட்டாலும் சுழற்சி நடக்கும், சைக்ளாப்ஸை நீக்கினால் நின்றுவிடும். இன்டர்மீடியட்டுக்கும் பாராடெனிக்குக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்.

ரிசர்வாயர் என்பது வேறு கேள்வி. புழுவின் வளர்ச்சிக் கட்டத்தைப் பற்றியது அல்ல, நோய்க்கிருமி எந்த உயிரிடம் தங்கி நமக்கு வந்துகொண்டிருக்கிறது என்பது. கிழக்கு ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு மாடுகளும் காட்டு மான்களும். மணல் ஈ பரப்பும் காய்ச்சலான காலா அசாருக்கு மத்தியதரைக் கடல் பகுதியில் நாய். அதே வேகத்தில் பீகார் காலா அசாருக்கும் நாய் என்று சொன்னால் மார்க் போச்சு. அங்கே மனிதனேதான் ரிசர்வாயர். காய்ச்சல் குணமான பிறகு தோலில் வெளிறிய திட்டுகளோடு நடமாடுபவரிடமிருந்தும் மணல் ஈ கிருமியை எடுத்துக்கொள்ளும்.