கிரியேட்டின், கிரியேட்டினின்: இரு சொற்களும் ஐந்து தவறான நம்பிக்கைகளும்
(வேலூர்க் கல்லூரி ஒன்றின் உடற்பயிற்சி மன்றத்தில் பேசுவதற்காக எழுதிய உரை)

மன்றத்து மாணவர்களுக்கு வணக்கம்.

பயிற்சிக்கூடம் செல்பவர்கள் டப்பாவில் தூளாக வாங்கி உண்ணும் கிரியேட்டின் என்ற பெயரைக் கேட்டதும், தசையைப் புதிதாக உருவாக்கும் மருந்து என்பதால்தான் உருவாக்குதலைக் குறிக்கும் ‘கிரியேட்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து அப்படிப் பெயரிட்டார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தச் சொல்லுக்கும் உருவாக்கத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரல் 1832ஆம் ஆண்டில் இறைச்சிச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இறைச்சியைக் குறிக்கும் ‘கிரேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். ஊனில் கிடைத்தது என்பதே அப்பெயரின் பொருள்.

இந்தப் பெயர்க்காரணத்தை அறிந்துகொண்டால் முதல் தவறான நம்பிக்கை, அதாவது கிரியேட்டின் ஒரு ஸ்டீராய்டு என்பது, தானாகவே விலகிவிடும். தசை வளர்ச்சிக்காகத் திருட்டுத்தனமாக ஊசியாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டுகள் ஆண்மை ஹார்மோனைச் சார்ந்தவை. கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ராலின் வளைய அமைப்பைக் கொண்டவை. கிரியேட்டினோ ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களிலிருந்து நம் சிறுநீரகமும் கல்லீரலும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிராம் அளவுக்குத் தாமே செய்துகொள்ளும் பொருள். மீனும் இறைச்சியும் உண்பவர்களுக்கு உணவிலிருந்தும் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கிறது. மரக்கறி மட்டுமே உண்பவர்களின் தசையில் இதன் இருப்பு குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் கிரியேட்டின் இல்லை.

தசைக்குள் இது செய்யும் வேலை 1927இல்தான் விளங்கியது. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ஹார்வர்டுக்குச் சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ். அவரும் சைரஸ் ஃபிஸ்கேயும் தசையில் பாஸ்பேட்டோடு பிணைந்த கிரியேட்டின் இருப்பதையும், தசை சுருங்கும்போது அந்தப் பிணைப்பு உடைந்து, ஓய்வின்போது மீண்டும் உருவாவதையும் காட்டினார்கள். கனமான எடையை விரைந்து தூக்கும் முதல் பத்து வினாடிகளில் தசையின் எரிபொருள் தீரத் தீர, இந்தப் பாஸ்போகிரியேட்டின்தான் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை ஈடுசெய்கிறது. எனவே கிரியேட்டின் தசையைச் செய்து தருவதில்லை. எட்டாவது முறையோடு நின்றுவிடும் கையை ஒன்பதாவது முறையும் தூக்கவைக்கிறது, அவ்வளவே. பயிற்சி செய்யாமல் தூளை மட்டும் உண்பவருக்கு அந்த ஒன்பதாவது முறை என்பதே கிடையாது.

இனி இரண்டாவது நம்பிக்கைக்கு வருகிறேன். கிரியேட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் வேறெந்த ஊரைக் காட்டிலும் வேலூரில் வலுவாக இருப்பதில் வியப்பில்லை. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த ஊர் இது. சி.எம்.சி. மருத்துவமனைக்காக வெளி மாநிலங்களிலிருந்து வந்து லாட்ஜுகளில் தங்கியிருக்கும் குடும்பங்கள், ‘கிரியேட்டினின் எவ்வளவு?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை இவ்வூரார் கேட்டே வளர்கிறார்கள். நோயாளிகளை வாட்டும் அந்தப் பொருளின் பெயரும் நீங்கள் வாங்கும் டப்பாவின் மேலுள்ள பெயரும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. இந்த அச்சத்தில் பெரும்பகுதி அந்த ஒலி ஒற்றுமையில் பிறந்தது.

இரண்டும் உறவுள்ள, ஆனால் வெவ்வேறான பொருள்கள். ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1847இல், கிரியேட்டினிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு நீங்கிய பொருளுக்குக் கிரியேட்டினின் என்று பெயரிட்டார். அந்த மாற்றம் நம் தசைக்குள் இடைவிடாமல் தானே நடக்கிறது: உடலிலுள்ள கிரியேட்டினில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான அளவு ஒவ்வொரு நாளும் கிரியேட்டினினாக மாறி, இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. அதன் வரத்து ஏறத்தாழ ஒரே சீராக இருப்பதால், இரத்தத்தில் அது தேங்கினால் வடிகட்டும் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். ஆக, கிரியேட்டினின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சன்று. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அடையாளம். இந்தக் கணிப்பு, வரத்து கூடவில்லை என்ற அனுமானத்தின்மீது நிற்கிறது. அந்த அனுமானம் பிழைக்கும் இடத்தில்தான் பயிற்சிக்கூடத்து இளைஞர் மாட்டிக்கொள்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கோடு பார்ப்போம். இருபது வயது மாணவர் ஒருவருக்குக் கிரியேட்டினின் அளவு வழக்கமாக 1.1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு டெசிலிட்டர் இரத்தத்திற்கான அளவு. மருத்துவர்கள் இப்போது கையாளும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் இதை இட்டால், அவருடைய சிறுநீரக வடிகட்டும் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 99 மில்லிலிட்டர் என்று வரும். அவர் நாளுக்கு ஐந்து கிராம் கிரியேட்டின் உண்ணத் தொடங்குகிறார்; ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மாலை கால் தசைகளுக்குக் கடும் பயிற்சி செய்கிறார்; இரவு ஆம்பூர் பிரியாணியை நிறைவாக உண்கிறார்; மறுநாள் காலையில் வேலை நியமனத்திற்கான உடல் தகுதிச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கிறார். அறிக்கையில் 1.3 என்று வருகிறது. அதே சூத்திரம் இப்போது 81 என்று காட்டுகிறது. ஒரே மாதத்தில் சிறுநீரகம் ஐந்தில் ஒரு பங்கு வலுவிழந்துவிட்டதோ என்று வீட்டார் கலங்குகிறார்கள்.

உண்மையில் அந்தக் கூடுதல் 0.2 மூன்று வழிகளில் வந்திருக்கக்கூடும். உண்ட கிரியேட்டினில் ஒரு பகுதி கிரியேட்டினினாக மாறியது ஒன்று. கடும் பயிற்சியால் தசையிலிருந்து வெளிவந்தது மற்றொன்று. மூன்றாவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை: இறைச்சியை நெடுநேரம் வேகவைக்கும்போது அதிலுள்ள கிரியேட்டினும் கிரியேட்டினினாக மாறுகிறது, அதை உண்டால் சில மணி நேரத்திற்கு இரத்தத்தின் அளவு உயர்ந்தே இருக்கும். இவை மூன்றிலும் சிறுநீரகத்தின் பங்கு எதுவும் இல்லை.

இதை ஊகமாக விட்டுவிடக் கூடாது. சோதித்தே அறிய வேண்டும். கிரியேட்டினை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, சோதனைக்கு முந்தைய இரண்டு நாள்கள் கடும் பயிற்சியையும் முந்தைய நாள் இறைச்சியையும் தவிர்த்து, மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். கூடவே, தசையைச் சாராமல் உடலின் எல்லாச் செல்களிலிருந்தும் வரும் ‘சிஸ்டாட்டின் சி’ என்ற புரதத்தை அளக்கச் சொல்லி மருத்துவரைக் கேட்கலாம். இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்ற சோதனையும் இன்றியமையாதது, ஏனென்றால் அந்தக் கசிவுக்குக் கிரியேட்டின் தூள் காரணமாகாது. கிரியேட்டினின் 1.1க்கு இறங்கி, மற்ற இரண்டும் சரியாக இருந்தால் சிறுநீரகம் நலமாக இருக்கிறது. நிறுத்திய பின்னும் 1.3 இறங்காமலோ ஆல்புமின் கசிந்தோ இருந்தால், தூளைக் குறைகூறிக்கொண்டிராமல் சிறுநீரக மருத்துவரிடம் செல்ல வேண்டும். அங்கே வேறு நோய் இருக்கலாம். நலமான சிறுநீரகம் உள்ளவர்கள் பரிந்துரைத்த அளவில் உண்டதால் சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோயுள்ளவர்களும், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இங்கேதான் தமிழ்ப் பெயர் பயன் தரும் என்று நினைக்கிறேன். நம் மக்கள் கிரியேட்டினின் உயர்வைச் ‘சிறுநீரில் உப்பு, இரத்தத்தில் உப்பு’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சமையல் உப்போடு குழம்புவதால் பொருந்தாது. கிரேக்கர்களின் ‘கிரேயாஸ்’ போலவே, நம்முடைய ‘ஊன்’ என்ற பழஞ்சொல்லும் உண்ணும் இறைச்சியைக் குறிக்கிறது. ‘ஊனுடம்பு’ என்னும்போது நம் தசையையும் குறிக்கிறது. ஆகவே கிரியேட்டினை ‘ஊனியம்’ என்றும், கிரியேட்டினினை ‘ஊனியக் கழிவு’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. ஒன்று இருப்பு, மற்றது அதன் கழிவு என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். மருந்துச் சீட்டிலும் ஆய்வக அறிக்கையிலும் பன்னாட்டுப் பெயரே இருக்கட்டும்; வீட்டில் தாய் தந்தையருக்கு விளக்கும்போது இந்தச் சொற்கள் உதவும்.

மூன்றாவது நம்பிக்கை, கிரியேட்டின் உடலின் நீரை உறிஞ்சிவிடும், வேலூர்க் கோடையில் தசைப்பிடிப்பு வரும் என்பது. முதல் வாரத்தில் ஏறும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை நீர்தான். ஆனால் அது உடலிலேயே, பெரும்பாலும் தசைச் செல்லுக்குள், தங்குகிறது. வெயிலில் பயிற்சி செய்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், இதை உண்டவர்களுக்குத் தசைப்பிடிப்பு கூடுதலாக வரவில்லை. மே மாத நண்பகலில் கோட்டையைச் சுற்றி ஓடுபவருக்குத் தண்ணீர் வேண்டும். அது ஊனியம் உண்ணாதவருக்கும் வேண்டும்.

முடி கொட்டும் என்ற நான்காவது நம்பிக்கைக்கு ஒரே ஓர் ஆய்வுதான் ஊற்று. 2009இல் தென்னாப்பிரிக்கக் கல்லூரி ரக்பி வீரர்கள் இருபது பேரிடம் நடந்த அந்த ஆய்வில், வழுக்கையோடு தொடர்புள்ள டி.எச்.டி. என்ற ஹார்மோன் ஒரு வாரத்தில் 56 விழுக்காடு உயர்ந்தது. உயர்ந்த பின்னும் அது இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்தது; முடியை எவரும் அளக்கவில்லை. 2025இல் வெளிவந்த 12 வார ஆய்வு முடியின் அடர்த்தியையே அளந்து பார்த்தது. தூள் உண்டவர்களுக்கும் போலித்தூள் உண்டவர்களுக்கும் வேறுபாடு காணவில்லை. 12 வாரம் நீண்ட காலமன்று என்பதால் இந்தக் கேள்வி முழுவதும் முடிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அச்சத்திற்கு இதுவரை சான்று இல்லை என்று மட்டும் சொல்வேன்.

ஐந்தாவது, முதல் வாரம் நாளுக்கு இருபது கிராம் உண்ணாவிட்டால் பயனில்லை என்பது. இருபது கிராமை நான்கு வேளையாகப் பிரித்து உண்டால் ஒரு வாரத்தில் தசை நிறைகிறது என்பது உண்மை. ஆனால் நாளுக்கு மூன்று கிராம் உண்டாலும் நான்கு வாரத்தில் அதே நிறைவு வருகிறது. வயிற்றுப்போக்கு என்று நம்மிடம் முறையிடுபவர்களில் பெரும்பாலோர் பெரிய அளவை ஒரே வேளையில் விழுங்கியவர்கள். டப்பாவில் ‘மோனோஹைட்ரேட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நீர் மூலக்கூறோடு இணைந்தது என்பது அதன் பொருள், எனவே அந்தத் தூளின் ஐந்து கிராமில் ஊனியம் ஏறத்தாழ 4.4 கிராம் இருக்கும். ஆய்வுகளில் மிகுதியும் சோதிக்கப்பட்ட வகை இதுவே. கூடுதல் விலைக்கு விற்கும் மற்ற வகைகள் இதைவிடச் சிறந்தவை என்று நிறுவப்படவில்லை. அடுத்த முறை எந்தச் சோதனைக்காக இரத்தம் கொடுத்தாலும், கிரியேட்டின் உண்கிறேன், நாளுக்கு இத்தனை கிராம், இத்தனை வாரமாக என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.