மலையாளச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் தமிழ்

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். நான்காம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த மகளை, ஐந்தாம் வகுப்பில் மலையாளவழிக்கு மாற்றியிருக்கிறார். வீட்டில் ஒவ்வொரு மலையாளச் சொல்லுக்கும் தமிழில் பொருள் சொல்லித் தருவது அவர்தான். சொற்களை மகள் வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டதைச் சொல்ல வந்தால், இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகும், ‘ஞான் டீச்சறோடு கேட்டு’ என்கிறாள், வகுப்பே சிரிக்கிறது. ‘தமிழில் பொருள் சொன்னதுதான் தவறா?’ என்பது தாயின் கேள்வி.

அந்தச் சிறுமி செய்த பிழையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினை இரண்டு வேலை செய்கிறது: பாட்டைக் கேட்கிறோம், வழியையும் கேட்கிறோம். பாடநூல் மலையாளத்தில் இந்த இரண்டும் தனித்தனி. காதில் விழுவது ‘கேள்க்குக’, வினவுவது ‘சோதிக்குக’. தாய் ‘கேள்க்குக என்றால் கேட்பது’ என்று சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தமிழ்ச் சொல் உள்ளே நுழையும்போது, கேட்டல், வினவுதல் என்ற தன் இரண்டு பொருள்களையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. போதாக்குறைக்கு, ‘சோதிக்குக’ என்பது தமிழ்க் காதுக்குப் பரிசோதனை போல ஒலிக்கிறது. நம் ‘சோதனை’ வடமொழியின் ‘சோதனம்’ என்ற, தூய்மை செய்வதையும் ஆராய்வதையும் குறிக்கும் சொல்வழி வந்தது. மலையாளத்தின் ‘சோத்யம்’ வேறொரு வேரிலிருந்து வந்தது. வடமொழியில் அவற்றின் முதல் எழுத்தே வேறு. தமிழ் எழுத்துக்குள் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு ஜியாங் என்ற மொழியியலாளர் 2000ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். தாய்மொழிச் சொல் ஒவ்வொன்றிலும் ஒலி, எழுத்து, பொருள், இலக்கண நடத்தை ஆகியவை பிரிக்க முடியாதபடி சேர்ந்திருக்கின்றன. புதிய மொழிச் சொல்லோ முதலில் ஒலியும் எழுத்தும் மட்டுமாகவே வந்து சேர்கிறது. அதன் பொருளிடம் காலியாக இருக்கிறது, தாய்மொழிச் சொல்லைச் சுட்டும் குறிப்பொன்று மட்டும் அங்கே இருக்கும். பழகப் பழக, அந்தத் தாய்மொழிச் சொல்லின் பொருளும் இலக்கணமும் அப்படியே பெயர்ந்து வந்து காலியிடத்தில் குடியேறுகின்றன. மூன்றாம் நிலையில்தான் அவை வெளியேறி, புதிய மொழிக்கே உரிய பொருள் அங்கே அமர வேண்டும். பெரும்பாலான சொற்கள் இரண்டாம் நிலையிலேயே நின்றுவிடுகின்றன என்பதுதான் ஜியாங்கின் வாதத்தில் முக்கியமான பகுதி. சரளமாகப் பேசுவதற்கு அதுவே போதுமானதாக இருப்பதால், மேலே நகர வேண்டிய கட்டாயம் எழுவதில்லை.

சரளம் வந்த பிறகும் தாய்மொழிச் சொல் உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதை எப்படிப் பார்ப்பது? பேசுபவரையே கேட்டால், ‘நான் மனத்தில் மொழிபெயர்ப்பதே இல்லை’ என்று சத்தியம் செய்வார். இங்கேதான், நான் எத்தனை முறை படித்தாலும் சலிக்காத ஒரு சோதனை வருகிறது. 2007இல் வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் கியோம் தியரியும் யான் ஜிங் வூவும் அதைச் செய்தார்கள்.

அதற்கு முன், ஒரு மூளை அலையைப் பற்றி ஒரு வரி. ‘இட்லிக்குச் செருப்பைத் தொட்டுக்கொண்டான்’ என்ற வாக்கியத்தில் ‘செருப்பு’ வந்த நொடியில் உங்களுக்கு ஒரு சிறு அதிர்ச்சி நேர்ந்திருக்கும். தலையில் மின்வாய்களைப் பொருத்திப் பதிவுசெய்தால், பொருந்தாத அச்சொல் தோன்றி ஏறத்தாழ 400 மில்லிவினாடியில் எதிர்மின் அலையொன்று பெரிதாக எழுவதைக் காணலாம். அடுத்து வரும் சொல்லுக்கு மூளை ஏற்கெனவே தயாராக இருந்தால் அந்த அலை சிறுத்துவிடும்.

தியரியும் வூவும், சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலத்தில் நன்கு தேர்ந்தவர்களுக்கு இரண்டிரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து, அவை பொருளில் தொடர்புடையவையா என்று மட்டும் கேட்டார்கள். சோதனை முழுவதும் ஆங்கிலத்தில்தான்; சீனத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆனால் சில இணைகளில் ஒரு தந்திரம் ஒளிந்திருந்தது. ‘டிரெயின்’, ‘ஹாம்’ என்ற இணையை எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கும் பன்றித்தொடை இறைச்சிக்கும் என்ன உறவு? ஆங்கிலத்தில் எதுவும் இல்லை. சீனத்திலோ ரயில் ‘ஹுவோ சே’, அதாவது நெருப்பு வண்டி. அந்த இறைச்சி ‘ஹுவோ துய்’, நெருப்புத் தொடை. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. பங்கேற்றவர்கள் ‘தொடர்பில்லை’ என்று சரியாகவே பொத்தானை அழுத்தினார்கள், அழுத்திய வேகத்திலும் மாற்றம் இல்லை, ஒளிந்திருந்த பொது எழுத்தை அவர்கள் கவனிக்கவும் இல்லை. ஆனால் அந்த இணைகளில் அவர்களுடைய 400 மில்லிவினாடி அலை சிறுத்திருந்தது. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்களிடம் அப்படி எதுவும் நிகழவில்லை. ஆங்கிலச் சொல்லைக் கண்ட கணத்தில், யாரும் அழைக்காமலே, சீனச் சொல் எழுந்து வந்து ‘ஹுவோ’ என்று முணுமுணுத்திருக்கிறது. (பாலக்காட்டு எல்லையைப் போல இரண்டு மொழிகள் அரைகுறையாக ஒத்திருக்கும் இடத்தில் இதையே செய்து பார்க்க, ஒரு பதிவுக் கருவியும் பொறுமையுள்ள சில ஆய்வு மாணவர்களும் போதும், அதற்கு நிதி ஒதுக்குவது, ‘இரண்டு மொழி பேசினால் பிள்ளைக்கு நாக்குக் குழம்பும்’ என்ற பழம் பயத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.)

ஆகவே, தமிழில் பொருள் சொல்லித் தராமல் இருந்திருந்தாலும் அந்தச் சிறுமியின் தலைக்குள் தமிழ் எழுந்துதான் வந்திருக்கும். மழ, ஆன, வீடு போன்ற சொற்களில் இரு மொழியின் எல்லைகளும் ஏறத்தாழப் பொருந்துவதால், தமிழ்வழிப் பொருள் ஒரே எட்டில் வேலையை முடித்துவிடுகிறது. அங்கே படம் காட்டுவதும் சுற்றி வளைத்து விளக்குவதும் வீண் உழைப்பு. ஒரு தமிழ்ச் சொல் இரண்டு மலையாளச் சொற்களாகப் பிரியும் இடங்களில்தான் கோளாறு.

அந்த இடங்களைக் கண்டுபிடிக்க, 2002இல் ஜியாங் செய்த சோதனையை வீட்டிலேயே எளிதாக்கிச் செய்யலாம். ஒரே சீன மொழிபெயர்ப்பைக் கொண்ட இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்தபோது, சீனர்கள் அவற்றை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட, நெருக்கமானவை என்று மதிப்பிட்டார்கள். அதேபோல, ‘கேள்க்குக, சோதிக்குக இரண்டும் எவ்வளவு நெருக்கம்?’ என்று மகளையும், வீட்டில் மலையாளமே பேசும் அவளது தோழி ஒருத்தியையும் பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். மகள் ஒன்பதும் தோழி நான்கும் போட்டால், அந்தச் சொல் இன்னும் இரண்டாம் நிலையில் நிற்கிறது என்று ஊகிக்கலாம். ஒரே ஒரு தோழியை வைத்து உறுதியாக முடிவு கட்ட முடியாது. ஆனால் நிதானமாகச் சொல்லும்போது ‘சோதிச்சு’ என்று திருத்திக்கொள்பவள் அவசரத்தில் ‘கேட்டு’ என்று வழுக்கினால், ஊகம் வலுப்பெறும்.

சரிசெய்வதற்குத் தமிழை விலக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பொருளைச் சொன்ன கையோடு, அந்தப் பொருள் உடையும் வாக்கியம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ‘ஞான் டீச்சறோடு சோதிச்சு, டீச்சர் மறுபடி பறஞ்ஞு, ஞான் அது கேட்டு.’ ஒரே வாக்கியத்தில் வினவலும் செவிமடுத்தலும் தனித்தனியே நிற்பதால், தமிழ்க் ‘கேள்’ இரண்டையும் மூடிக்கொள்ள இடமில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: டீச்சர் ‘திரும்பவும்’ சொன்னார் என்று மகள் புரிந்துகொண்டிருப்பாள். மலையாளத்தில் ‘மறுபடி’ என்றால் பதில்.