பூஜ்யம் வரி கட்டிய வியாபாரியும் 97,500 கட்டிய சம்பளக்காரரும்

அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர் 2025-26 நிதியாண்டுக்கான கணக்குத் தாக்கலுக்காக ஒன்றாக என் அலுவலகத்துக்கு வந்தனர். ஒருவர் தனியார் நிறுவனத்தில் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் சம்பளம் பெறுபவர். மற்றவர் பாத்திரக் கடை நடத்துபவர். அவருடைய ஆண்டு விற்பனை 1 கோடியே 20 லட்சம் ரூபாய்.

சம்பளக்காரரின் கணக்கு ஃபாரம் 16-ஐப் பார்த்ததுமே முடிந்துவிட்டது. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 14,25,000 ரூபாய்க்கு வரி கணக்கிட வேண்டும். முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதமுள்ள இரண்டேகால் லட்சத்துக்கு 15 சதவீத வீதம் 33,750 என மொத்தம் 93,750. 4 சதவீத செஸ் சேர்த்தால் 97,500 ரூபாய். அந்தத் தொகை மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டிருந்தது.

வியாபாரி, வருமான வரிச் சட்டத்தில் கணக்குப் புத்தகம் பராமரிக்கத் தேவையில்லாத 44AD பிரிவின் கீழ் வருபவர். வங்கி வழியாகவும் யுபிஐ வழியாகவும் வந்த 1 கோடிக்கு 6 சதவீதமும், ரொக்கமாக வந்த 20 லட்சத்துக்கு 8 சதவீதமும் லாபம் என்று வைத்து, 7,60,000 ரூபாயை வருமானமாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு வரியில் முழுத் தள்ளுபடி உண்டு என்பதால் அவருடைய வருமான வரி பூஜ்யம்.

“பார்த்தீர்களா சார், அவருக்கு ஒரு பைசாகூட இல்லை!” என்றார் சம்பளக்காரர். ஆதங்கம் நியாயமானதாகத்தான் தோன்றும். ஆனால் அவர் பார்த்தது வியாபாரியின் கணக்கில் பாதியை மட்டுமே.

பாத்திரக் கடை ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் பதிவாகியிருக்கிறது. அதன்படி விற்பனையில் 1 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாயை அவர் காலாண்டு வாரியாகக் கட்டியிருக்கிறார். இதை வாடிக்கையாளரிடம் வரியென்று பில்லில் தனியாக வசூலிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியையும் இதில் கழித்துக்கொள்ள முடியாது. விலையை நிர்ணயிக்கும்போதே இதில் ஒரு பங்கை ஏற்றிவைத்திருப்பார் என்று வாதிடலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் எதிர்க் கடைக்காரரின் விலையைத் தாண்டி அவரால் ஏற்ற முடியாது என்பதால் மீதி லாபத்திலிருந்துதான் போகிறது.

உண்மையான லாபத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஜிஎஸ்டியோடு சேர்த்துக் கொள்முதல் 1 கோடியே 1 லட்சம், வாடகை, கூலி, மின்சாரம் முதலியவை 6,80,000, காம்போசிஷன் வரி 1,20,000 எல்லாம் போகக் கையில் நின்றது 11 லட்சம். அந்த வரிக்கு முந்தைய 12,20,000-இல் பார்த்தால் ஏறத்தாழ 10 சதவீதத்தை அவர் கட்டியிருக்கிறார். சம்பளக்காரர் கட்டியதோ 15 லட்சத்தில் ஆறரை சதவீதம். ஒன்று வருமானத்தின் மீதான வரி, மற்றொன்று விற்பனையின் மீதான வரி என்பதால் இரண்டையும் அப்படியே தராசில் வைப்பது முழுச் சரியல்ல. ஆயினும் ‘ஒரு பைசாகூட இல்லை’ என்ற பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

சம்பளக்காரரின் ஆதங்கத்தில் நியாயமான பகுதி வேறிடத்தில் இருக்கிறது. வியாபாரியின் உண்மை லாபம் 15 லட்சமாக இருந்திருந்தால், நிலையான கழிவு இல்லாததால் அவர் 1,09,200 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அதே விற்பனையைக் காட்டி 7,60,000 என்று எழுதினால் வரி பூஜ்யமாகிவிடும். 6, 8 சதவீதம் என்பவை குறைந்தபட்ச அளவுகள். கூடுதலாக ஈட்டியவர் கூடுதலாகக் காட்டவே சட்டம் இடம் வைத்திருக்கிறது. குறைவாகவே எழுதிவந்தவர் ஒரு நாள் மனை வாங்கும்போதோ பெரிய தொகையை வைப்பு நிதியில் போடும்போதோ அந்தப் பரிவர்த்தனை அவருடைய பான் எண்ணில் பதிவாகிறது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவரிடம் கணக்குப் புத்தகமும் இருக்காது.

நம் வியாபாரியின் நிலையில் இன்னும் விசித்திரம். 7,60,000 என்று எழுதினாலும் 11 லட்சம் என்று எழுதினாலும் வரி பூஜ்யம்தான், ஏனெனில் இரண்டுமே 12 லட்சத்துக்குள் அடங்குகின்றன.

“அப்படியானால் 3,40,000-ஐக் குறைத்து எழுதியதில் எனக்கு என்ன மிச்சம் சார்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக் கடனுக்காகக் கொடுத்த விண்ணப்பத்தில், பழைய தாக்கல்களில் இருந்த வருமானத்தைப் பார்த்துக் கேட்ட தொகையில் பாதிதான் தர முடியும் என்று வங்கியில் சொல்லிவிட்டதாக அப்போதுதான் அவர் தெரிவித்தார்.

படிவத்தில் 11,00,000 என்று திருத்தி எழுதிக் கையெழுத்திட்டார். சம்பளக்காரர் தம் ஃபாரம் 16-ஐ மடித்து உறையில் வைத்துக்கொண்டிருந்தார்.