0.42 மி.மீ.: இதில் எத்தனை இலக்கம் நம்முடையது?

பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் திருகு அளவியைக் கொண்டு ஒரு செப்புக் கம்பியின் விட்டத்தை அளக்கிறோம். புரிக்கோல் 0 காட்டுகிறது. தலைக்கோலில் 45-ஆவது பிரிவு பொருந்துகிறது. மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதால் அளவீடு 0.45 மி.மீ. கம்பியை வைக்காமல் திருகை மூடிப் பார்த்தால் சுழிப்பிழை +3 பிரிவு. ஆக, 0.45-லிருந்து 0.03-ஐக் கழிக்க, விட்டம் 0.42 மி.மீ.

இந்த எண்ணில் தசம இடங்கள் இரண்டு, உண்மையில் அளந்து பெற்ற இலக்கங்களான முக்கிய எண்ணுருக்களும் இரண்டு. எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால்தான் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துவிடுகிறார்கள். இதையே சென்டிமீட்டரில் எழுதினால் 0.042, மீட்டரில் 0.00042. தசம இடங்கள் இரண்டிலிருந்து மூன்றாகி, ஐந்தாகவும் ஆகிவிட்டன. ஆனால் அளவி துளியும் கூர்மையாகவில்லை. முன்னால் நிற்கும் பூச்சியங்கள் புள்ளிக்கு இடம் காட்டுபவை மட்டுமே. அளந்து பெற்றவை 4, 2 என்ற இரண்டு இலக்கங்கள்தான்.

அடுத்து குறுக்குவெட்டுப் பரப்பு. ஆரம் 0.21 மி.மீ. (வகுத்த 2 அளந்து வந்ததல்ல, அதனால் அது எந்த இலக்கத்தையும் குறைக்காது.) கால்குலேட்டர் 0.138544236 என்கிறது. மாணவர் அத்தனையையும் நோட்டில் இறக்கிவிடுவார். கொஞ்சம் யோசிப்பவர், 'விட்டத்துக்கு இரண்டு தசம இடம், பரப்புக்கும் இரண்டு' என்று 0.14 சதுர மி.மீ. என எழுதுவார். விடை சரி, காரணம் தவறு. விட்டத்தைச் சென்டிமீட்டரில் போட்டிருந்தால் பரப்பு 0.00139 சதுர செ.மீ. அவருடைய விதிப்படி மூன்று தசம இடத்தோடு நிறுத்தினால் 0.001 மட்டுமே மிஞ்சும். கால் பங்குக்கும் மேல் காணாமல் போகும். இரண்டு முக்கிய எண்ணுருக்கள் என்று பிடித்திருந்தால் 0.0014, எந்த அலகிலும் அதே கம்பி.

இரண்டு போதும் என்பதைச் சோதித்தும் பார்க்கலாம். அளவீடு ஒரு பிரிவு தவறியிருந்தால் விட்டம் 0.41 அல்லது 0.43. பரப்பு 0.132-லிருந்து 0.145 வரை ஊசலாடும். இரண்டாவது இலக்கமே ஆட்டம் காணும்போது மூன்றாவதுக்கு என்ன மதிப்பு? பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை விகிதமாகப் பரவுவதால் அங்கே முக்கிய எண்ணுருக்களை எண்ணுகிறோம்.

கூட்டலிலும் கழித்தலிலும் கதை வேறு. அங்கே தசம இடமே எஜமான். வெற்றுக் குடுவை 51.92 கிராம், சிறிது எண்ணெய் ஊற்றிய பின் 52.47 கிராம். எண்ணெயின் நிறை 0.55 கிராம். தசம இடங்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. நான்கு முக்கிய எண்ணுருக்களோ இரண்டாகிவிட்டன. 'தராசு நான்கு இலக்கம் காட்டியதே' என்று 0.5500 என எழுதினால், தராசு பார்க்காத இரண்டு பூச்சியங்களை நாமே சேர்க்கிறோம். இந்த நிறையிலிருந்து கிடைக்கும் அடர்த்திக்கும் இரண்டு எண்ணுருக்கள்தான், கன அளவை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும். மூன்றாவது இலக்கம் வேண்டுமானால் எண்ணெயை இன்னும் நிறைய ஊற்றி நிறுக்க வேண்டும்.