மொழிபெயர்ப்பு வேலை கேட்டு மெயில் போடுறீங்களா, முதல்ல இதைப் படிங்க

"ஐயா வணக்கம், நான் தமிழ்ல இருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்துல இருந்து தமிழுக்கும் எல்லாத் துறையிலயும் குறைஞ்ச ரேட்டுல தரமா மொழிபெயர்த்துத் தருவேன், ரெஸ்யூமே இணைச்சிருக்கேன், வாய்ப்பு தரணும்." இந்த மெயில் எனக்கு அடிக்கடி வரும். நானும் ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர்தான், ஆனா பெரிய வேலை வரும்போது கூடச் செய்ய ஆள் தேடுறதும் என் தலையிலதான் விழும், அதனால மெயில் அனுப்புற பக்கமும் தெரியும் வாங்குற பக்கமும் தெரியும். இதை அனுப்புறவங்கள்ல நல்லா மொழிபெயர்க்கத் தெரிஞ்சவங்களும் இருப்பாங்க, ஆனா மெயிலைப் பார்த்து அது யாருன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல, அதான் பிரச்சனை.

முதல்ல ஒரு விஷயம், மொழிபெயர்ப்பு கம்பெனிக்கும் பதிப்பகத்துக்கும் ஒரே மெயில் போகக் கூடாது. கம்பெனி ஆள் தேடுது, பதிப்பகம் புத்தகம் தேடுது. இது புரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சது.

கம்பெனியில உங்க மெயிலைத் திறக்கிறவர் பெரும்பாலும் தமிழ் தெரியாதவரா இருப்பாரு. அவர்கிட்ட ஒரு பட்டியல் இருக்கும், எந்த மொழியில இருந்து எந்த மொழிக்கு, என்ன துறை, வார்த்தைக்கு என்ன ரேட், ஒரு நாளைக்கு எவ்வளவு முடியும், என்ன சாஃப்ட்வேர் இருக்கு, அவ்வளவுதான். இந்த அஞ்சும் மெயிலோட முதல் பத்து வரியில கிடைச்சா உங்களைப் பட்டியல்ல ஏத்திருவாரு, கிடைக்கலைன்னா திருப்பிக் கேட்க மாட்டாரு, அடுத்த மெயிலுக்குப் போயிருவாரு. அதனால சப்ஜெக்ட் லைன்லயே ஆங்கிலத்துல இருந்து தமிழுக்குன்னு குறிக்கிற EN>TA, உங்க துறை, உங்க பேரு மூணும் இருக்கட்டும். இந்தியத் தமிழா இலங்கைத் தமிழான்னும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஏன்னா சில கம்பெனிங்க அதைத் தனித்தனியாத்தான் பார்க்கும்.

ரெண்டு பக்கமும் செய்வேன்னு சொல்றதுல ஒரு சிக்கல் இருக்கு. பெரும்பாலான கம்பெனிங்க தாய்மொழிக்குள்ள மொழிபெயர்க்கிறவரைத்தான் தேடும். தமிழ் விஷயத்துல தமிழ்ல இருந்து ஆங்கிலத்துக்கும் தமிழர்களேதான் நிறைய செய்யுறாங்கங்கறது உண்மை, ஆனாலும் உங்க முதல் பலம் எந்தத் திசைன்னு தெளிவா எழுதிட்டு இன்னொன்னை ரெண்டாவதா சொல்லுங்க. அதே மாதிரி "எல்லாத் துறையும்"னு எழுதுறது எந்தத் துறையும் இல்லைன்னுதான் படிக்கப்படும். மருத்துவமனையில வேலை பார்த்தவரா இருந்தா நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவம் செய்வேன்னு எழுதுங்க, அந்த ஒரு வரி பத்துத் துறை பேரை விட வேலை செய்யும். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வார்த்தை முடிப்பேன்னு எழுதுறவங்களும் இருக்காங்க, இந்தத் தொழில்ல இருக்கிறவங்க வழக்கமாச் சொல்ற கணக்கு சுமார் 2,000-ல இருந்து 2,500 தான், அதனால பத்தாயிரம்னு பார்த்ததும் வாங்குறவருக்கு வேகம் தெரியாது, சந்தேகம்தான் வரும்.

இனி ரேட், நிறைய பேர் அடிபடுறது இங்கதான். "வார்த்தைக்கு இவ்வளவு"ன்னு மட்டும் எழுதிட்டு விட்டுடுறாங்க. எந்த வார்த்தைக்கு? மூலத்துல இருக்கிற வார்த்தைக்கா, நீங்க எழுதிக் கொடுக்கிற வார்த்தைக்கா? வேற சில மொழிகளுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லாம போகலாம், தமிழுக்கு அப்படி இல்ல, ஏன்னா நாம வேற்றுமை உருபு, காலம், இடம் எல்லாத்தையும் ஒரே சொல்லுக்குள்ள ஒட்டிடுவோம். "வந்துகொண்டிருந்தவர்களுக்காக"ங்கறது கம்ப்யூட்டர் கணக்குல ஒரே வார்த்தை, அதையே ஆங்கிலத்துல "ஃபார் தோஸ் ஹூ வேர் கமிங்"னு எழுதினா அஞ்சு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆங்கிலத்துல 10,000 வார்த்தை இருக்கிற ஒரு கையேடு வருது, நீங்க தமிழ்ல முடிச்சப்ப 7,000 வார்த்தைன்னு வச்சுக்குங்க (எழுத்து நடையைப் பொறுத்துக் கூடும் குறையும்). நீங்க மனசுல பத்தாயிரத்துக்குக் கணக்குப் போட்டு ரேட் சொல்லியிருப்பீங்க, அவங்க ஏழாயிரத்துக்கு பில் போடச் சொல்லுவாங்க, நூத்துக்கு முப்பது காணாமப் போச்சு, மெயில்ல எழுதாததால சண்டை போடவும் முடியாது. அதனால ஆங்கிலத்துல இருந்து தமிழுக்குன்னா "மூல ஆங்கில வார்த்தை எண்ணிக்கைப்படி"ன்னு மெயில்லயே எழுதிடுங்க. இதுல இன்னொரு வசதி, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மொத்தத் தொகை ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிரும்.

தமிழ்ல இருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இது தலைகீழாகும். மூலத் தமிழ் வார்த்தைக்குக் கணக்குப் போட்டா நஷ்டம் உங்களுக்கு, அதோட தமிழ் எண்ணிக்கையே ரப்பர் மாதிரி, ஒருத்தர் "வந்துகொண்டிருந்தான்"னு சேர்த்து எழுதுவாரு, இன்னொருத்தர் "வந்து கொண்டிருந்தான்"னு பிரிச்சு எழுதுவாரு, வேலை ஒண்ணுதான், எண்ணிக்கை வேற. ஸ்கேன் பண்ண பக்கமா இருந்தா எண்ணவே முடியாது. இதுக்கு ஆங்கில வார்த்தை எண்ணிக்கைப்படின்னு சொல்லலாம், ஆனா அப்ப வாங்குறவருக்கு "இவர் வளவளன்னு எழுதி பில்லை ஏத்திடுவாரோ"ன்னு பயம் வரும், அது நியாயமான பயம்தான். நான் செய்யுறது என்னன்னா, ரெண்டு மூணு பக்கம் செஞ்சு பார்த்து மொத்தத்துக்கு ஒரு மதிப்பீடு சொல்லி, இதுக்கு மேல போகாதுன்னு ஒரு உச்ச வரம்பும் சேர்த்துச் சொல்லிடுவேன். உங்க சொந்த விகிதம் தெரியணும்னா பழைய வேலை நாலஞ்சு எடுத்து, மூலம் எவ்வளவு, முடிஞ்சது எவ்வளவுன்னு வேர்ட்ல பார்த்து வகுத்துப் பாருங்க, பத்து நிமிஷ வேலை.

சாம்பிள் பத்திச் சொல்லணும். முன்னாடி ஒரு கம்பெனிக்குச் செஞ்ச ஃபைலையே எடுத்து இணைச்சு அனுப்புறாங்க, சில நேரம் அந்தக் கம்பெனி லோகோவோட! பார்க்கிறவருக்கு நாளைக்கு நம்ம ஃபைலும் இப்படித்தான் வெளிய போகும்னு தோணாதா? ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தா அது மீறலும் கூட. பொதுவுல இருக்கிற ஒரு அறிக்கையோ கையேடோ எடுத்து ஒரு பக்கம் நீங்களே சாம்பிளுக்காக மொழிபெயர்த்து, மூலத்தையும் பக்கத்துலயே வச்சு அனுப்புங்க. தமிழ் யூனிகோட்ல இருக்கட்டும், பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல டைப் பண்ணி வேர்ட் ஃபைலா அனுப்பினா அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், கூடவே ஒரு பிடிஎஃபும் வச்சிடுங்க.

இப்ப பதிப்பகம். இங்க "நான் மொழிபெயர்ப்பேன்"ங்கற மெயிலுக்குப் பதில் வர்றது அபூர்வம். ஒரு குறிப்பிட்ட புத்தகத்தோட போகணும். அந்தப் பதிப்பகம் என்ன மாதிரிப் புத்தகம் போடுதுன்னு அவங்க பட்டியலைப் பார்த்துட்டு, அதுக்குப் பொருந்துற புத்தகம் ஒண்ணு, எத்தனை பக்கம், எப்ப வந்தது, இதுக்கு முன்னாடி அந்த மொழியில வந்திருக்கா, உரிமை யார்கிட்ட இருக்கு, மாதிரிக்கு ஒரு அத்தியாயம். இதுல உரிமைங்கற வரியை எழுதாம விடுறவங்கதான் அதிகம், அதைத்தான் பதிப்பாளர் முதல்ல தேடுவாரு.

மொழிபெயர்க்கிற உரிமை மூல ஆசிரியருக்குத்தான்னு பதிப்புரிமை பத்தின சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தத்தோட 8-ஆவது பிரிவே சொல்லுது, பதிப்புரிமைக் காலம் முடியுற வரைக்கும் அனுமதி இல்லாம மொழிபெயர்ப்பை வெளியிட முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி ஒரு தமிழ் நாவலை முழுசா ஆங்கிலத்துல முடிச்சிட்டுப் பதிப்பகத்துக்கு மெயில் போட்டாரு. ஆசிரியர் ஃபோன்ல "தாராளமா பண்ணுங்க தம்பி"ன்னு சொல்லியிருந்தாரு, இவரும் மெயில்ல உரிமை வாங்கியாச்சுன்னு எழுதிட்டாரு. பதிப்பகத்துக்கு மொழிபெயர்ப்பு பிடிச்சிருந்தது, ஒப்பந்தத்துக்காக எழுத்துப்பூர்வமான அனுமதி கேட்டாங்க. அப்பத்தான் தெரிஞ்சது, ஆசிரியர் பல வருஷம் முன்னாடி தமிழ்ப் பதிப்பாளரோட போட்ட ஒப்பந்தத்துலயே மொழிபெயர்ப்பு உரிமையையும் எழுதிக் கொடுத்திருக்காரு, அவங்க அதை வேற ஒரு இடத்துக்குக் கொடுத்தும் ஆச்சு. ஆசிரியர் பொய் சொல்லல, அவருக்கு அது ஞாபகமே இல்ல. முழு நாவலும் அப்படியே கிடக்குது.

அதனால முழுசா செய்யாதீங்க, ஒரு அத்தியாயம் போதும். புத்தகத்தோட உரிமைப் பக்கத்தைப் பாருங்க, அதுல யார் பேரு இருக்கோ அங்க விசாரிங்க, ஆசிரியர் பேரே இருந்தாலும் "மொழிபெயர்ப்பு உரிமையை ஏற்கனவே யாருக்காவது கொடுத்திருக்கீங்களா"ன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. பதில் வராத நிலையில மெயில் போடணும்னா "உரிமை இன்ன பதிப்பகத்துகிட்ட இருக்குன்னு நினைக்கிறேன், இன்னும் உறுதி ஆகல"ன்னு உள்ளதை எழுதுங்க, உரிமை வாங்குறதைப் பதிப்பகமே பேசி முடிக்கிறதும் உண்டு, பொய்யா வாங்கியாச்சுன்னு எழுதினாத்தான் பேச்சு முறியும். மாதிரி அத்தியாயத்தை இணையத்துல போட்டுட்டு லிங்க் அனுப்பாதீங்க, அதுவும் வெளியிடுறதுதான்.

கடைசியா ரெஸ்யூமே. மொழிபெயர்ப்பாளர்களோட ரெஸ்யூமேவை எடுத்து மெயில் ஐடியை மட்டும் மாத்தி உங்க பேர்ல வேலை வாங்குற ஆளுங்க நிஜமாவே இருக்காங்க, அதனால சான்றிதழ் ஸ்கேன், அடையாள அட்டை, பேங்க் விவரம் எதையும் முதல் மெயில்ல வைக்காதீங்க, வேலை உறுதியான பிறகு கேட்டா கொடுக்கலாம். உங்க மெயில் நாலு இடத்துக்குப் போனதும் தானா வர்ற பதில்லயும் ஒரு வகை இருக்கு, ரேட் பத்தி ஒரு கேள்வியும் இல்லாம ஒத்துக்குவாங்க, டெஸ்ட் கேட்க மாட்டாங்க, ஃபைல் பொதுவான கட்டுரையா இருக்கும், அப்புறம் பேசின தொகையை விட அதிகமா செக் அனுப்பி "மீதியைத் திருப்பி அனுப்புங்க"ன்னு சொல்லுவாங்க. நீங்க அனுப்பின பிறகு அந்த செக் திரும்பி வந்துரும். அப்படி ஒரு பதில் வந்தா பேங்க் நம்பர் கொடுக்காதீங்க, அந்தக் கம்பெனியோட வெப்சைட்ல இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு அந்தப் பேர்ல ஆள் இருக்காரான்னு கேளுங்க.