பை ஒழுகுகிறதா? தண்ணீரைக் குறைக்காதீர்கள், துளையை அளந்து பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து எங்களிடம் வருகிற ஸ்டோமா நோயாளிகளில், கடந்த மூன்று மாதங்களில் இது நான்காவது ஆள். நால்வருக்கும் புற்றுநோய் வந்து சிறுநீர்ப்பையை அகற்றியிருக்கிறார்கள். சிறுநீர் வெளியேற வயிற்றில் வைத்த வாய்தான் ஸ்டோமா; அதன் மேல் ஒட்டிய பையில் சிறுநீர் விழும். நால்வருக்கும் அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. நால்வரும் வீட்டில் ஒரே தப்பைச் செய்துவிட்டு, தோல் வெந்து, நா வறண்டு வந்து நின்றார்கள். நான் ஸ்டோமா பராமரிப்பு நர்ஸ். இதை வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

நான்காவதாக வந்தவர் அறுபத்து நான்கு வயது விவசாயி. மூன்றரை மாதம் முன்பு அறுவை சிகிச்சை. மருமகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். இடுப்பில் வேட்டிக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார், அதுவும் நனைந்திருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க ஐயா?"

"ஒழுகுதுங்க சிஸ்டர், அதான் கொறச்சுட்டேன். காலைல ஒரு டம்ளர், மத்தியானம் சோத்தோட ஒரு டம்ளர். ராத்திரி வாயே நனைக்கறதில்லீங்க."

ஏப்ரல் மாதம். பாலக்காட்டு வெயிலில் தோட்டத்துக்குப் போய் வருகிற மனிதர், ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்.

பையைக் கழற்றினேன். ஸ்டோமா நல்ல சிவப்பாக, ஈரமாக, ஆரோக்கியமாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தோல் சாம்பல் வெள்ளையாகத் தடித்து, மரு மருவாக எழும்பியிருந்தது. அதன் மேல் மணல் ஒட்டியதுபோல் உப்புப் பொருக்கு. அதற்கு வெளியே தோல் செக்கச் செவேலென்று கசிந்துகொண்டிருந்தது. புற்றுநோய் தோலில் திரும்பி வந்துவிட்டதோ என்று வீட்டில் எல்லோரும் பயந்திருக்கிறார்கள். நல்லவேளை, இது அதுவல்ல. ஓயாமல் சிறுநீரில் ஊறிய தோல் இப்படித்தான் தடிக்கும்.

அளவு அட்டையை வைத்துப் பார்த்தேன். ஸ்டோமாவின் விட்டம் 28 மில்லிமீட்டர். கழற்றிய பையில், தோலில் ஒட்டும் தட்டில் ஸ்டோமாவுக்காக வெட்டியிருந்த துளை 45 மில்லிமீட்டர். "இந்த 45 எங்கிருந்து வந்தது?" என்றேன். மருமகள் கைப்பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த மாதிரி. அதை வைத்துக் கோடு போட்டு, மூன்று மாதத்துக்கான பைகளை ஒரே நாளில் வெட்டி அடுக்கி வைத்திருக்கிறார். கருத்தான பெண். ஆஸ்பத்திரியில் விளக்கம் சொன்னது மலையாளத்தில். "இந்த அளவு இப்போதைக்கு மட்டும்" என்ற ஒரு வாக்கியம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. எல்லைப்புறத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி எந்த மொழியில் வீட்டில் பேசுகிறாரோ, அந்த மொழியில் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வற்றிச் சுருங்கும். அதுவரை வாரம் ஒரு முறை அளக்க வேண்டும். துளை ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கலாம். இவருக்கு 30 அல்லது 31 போதும். 45 வெட்டினால், சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் தோல் இரவும் பகலும் சிறுநீரில் கிடக்கிறது. ஊறிய தோலில் பசை பிடிக்காது. பிடிக்காத பை ஒழுகும். முன்கூட்டியே பத்துப் பை வெட்டி வைக்காதீர்கள். இரண்டு மாதம் தாண்டி, தொடர்ந்து மூன்று முறை அளந்தும் ஒரே அளவு வந்தால் அப்புறம் வெட்டி வையுங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கோபம் வருவது இங்கேதான்.

பலருக்கும் மனதில் இருக்கும் படம் இது: சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு, குடலில் "புதுப் பை" வைத்திருக்கிறார்கள், அது நிறைந்தால் ஒழுகுகிறது, தண்ணீரைக் குறைத்தால் நிறையாது. முழுக்கத் தப்பு. இவர்களுக்குச் செய்திருப்பது இலியல் காண்ட்யூட் என்ற அறுவை சிகிச்சை. அதில் உள்ளே பையே கிடையாது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டை, அதன் ரத்த ஓட்டம் கெடாமல் பிரித்தெடுக்கிறார்கள். மீதிக் குடலை மறுபடி இணைத்துவிடுகிறார்கள். அந்தத் துண்டின் ஒரு முனையை மூடி, சிறுநீரகங்களிலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் அதில் பொருத்துகிறார்கள். மறு முனை வயிற்றின் வலப்பக்கம் வெளியே வந்து ஸ்டோமாவாக நிற்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் யூஜின் பிரிக்கர் 1950-இல் விவரித்துப் பரவலான முறை இது.

அந்த விவசாயியிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "உங்களுக்கு உள்ளே இருக்கறது ஆழியாறு அணை இல்லீங்க ஐயா. வாய்க்கால். வாய்க்கால்ல தண்ணி நிக்காது, வர வரப் போயிட்டே இருக்கும்." உடனே புரிந்துகொண்டார். ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து விவசாயம் செய்கிறவருக்கு அணைக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்? சேறு தங்கும். இங்கேயும் அதேதான். தண்ணீர் குறைந்ததும் சிறுநீர் கெட்டியாகிறது. தோலில் தேங்கிய சிறுநீரில் கிருமிகள் யூரியாவைப் பிளந்து அம்மோனியாவாக்கும்போது அது காரத்தன்மை அடைகிறது. காரத்தன்மையுள்ள சிறுநீரில் பாஸ்பேட் உப்புகள் கரையாமல் பொருக்காகப் படிகின்றன. அவர் தோலில் நான் பார்த்த மணல் அதுதான். பொருக்குக்கு மேல் பசை ஒட்டாததால் இன்னும் ஒழுகியது, அவர் இன்னும் தண்ணீரைக் குறைத்தார். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் தளர்ந்தால் ஏறுகிற கிரியாட்டினின் 2.1 என்று வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும்போது 1.2 இருந்தது. ஸ்கேனில் அடைப்பு இல்லை. உடம்பில் நீர் வற்றியதால்தான் என்று டாக்டர் முடிவு செய்து, அன்றைக்கே டிரிப் ஏற்றினார்.

நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் குடியுங்கள். வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூட. இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ டாக்டர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவு. ராத்திரி பை நிறைந்து பிய்ந்துவிடும் என்ற பயத்துக்கு வழி, பையின் கீழ்க் குழாயில், யூரோ பேக் என்கிற இரண்டு லிட்டர் சிறுநீர் சேகரிப்புப் பையை மாட்டிவிட்டுத் தூங்குவதுதான். மாட்டிய பிறகு மேல் பையின் திருகைத் திறந்துவிட மறக்காதீர்கள்; மறந்துவிட்டு நள்ளிரவில் நனைந்து எழுந்தவர்கள் உண்டு. பகலில் பை பாதி நிறையுமுன் காலி செய்துவிடுங்கள்.

அடுத்தது வெள்ளை நூல். பையில் வெள்ளையாக நூல் நூலாக, சளிபோல் மிதக்கும். அது சீழ் அல்ல. குடல் துண்டு எங்கே இருந்தாலும் குடல்தான், அது சளி சுரந்துகொண்டே இருக்கும். இவருக்கு ஊரில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் பையில் கிடந்த சிறுநீரைப் பிடித்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பைக்குள் கிருமி வளராமல் என்ன செய்யும்? காண்ட்யூட் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, தொந்தரவே இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி வரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி இருந்தால்தான் மருந்து. அப்போதும் பையைக் கழற்றி, ஸ்டோமாவைத் துடைத்து, சுத்தமான மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுத்த சிறுநீரைத்தான் அனுப்ப வேண்டும்.

அவருக்கு என்ன செய்தோம்? கசிந்த தோலில் ஸ்டோமா பவுடரை லேசாகத் தூவி, மிச்சத்தை உதறிவிட்டு, 31-இல் வெட்டிய புதுப் பை ஒட்டினோம். முதல் வாரம் அவ்வளவுதான். கசிவு காய்ந்த பிறகு, சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, காஸ் துணியில் நனைத்து, பை மாற்றும்போதெல்லாம் பொருக்கின் மேல் பத்து நிமிடம் வைக்கச் சொன்னோம். பச்சைப் புண்ணில் வைத்தால் எரியும், அதனால்தான் காத்திருந்தோம். பொருக்கை நகத்தால் பெயர்க்கவே கூடாது.

பை மாற்றும் விதத்தையும் மருமகளுக்கு மறுபடி காட்டினோம். காலையில் எழுந்ததும், காப்பி தண்ணீர் எதுவும் குடிக்குமுன் மாற்றுங்கள். அப்போதுதான் சிறுநீர் மெதுவாக வரும். மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை போதும், ஒழுகினால் உடனே மாற்றுங்கள். காஸ் துணியைத் திரிபோல் சுருட்டி ஸ்டோமா வாயில் வைத்துக்கொண்டால், வருவதை அது உறிஞ்சும், அதற்குள் தோலைத் துடைத்து உலர்த்திவிடலாம். வெறும் தண்ணீர் போதும். டெட்டால் வேண்டாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்! இந்தப் பக்கம் எந்தப் புண்ணுக்கும் கை முதலில் அதற்குத்தான் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கில் எந்தப் பசையும் நிற்காது. துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் தெரிந்தால் பயப்படாதீர்கள், மெல்லிய சவ்வு அது. அதற்குத் தொடு உணர்வு கிடையாது, அதனால் தட்டின் விளிம்பு அறுத்தாலும் உங்களுக்கு வலிக்காது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கடையில் பை வாங்கும்போது அடியில் திருகுக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். மலத்துக்கான பையைக் கொடுத்துவிடுகிறார்கள். சிறுநீர்ப் பையில் திருகும், சிறுநீர் மேலே ஏறி ஸ்டோமாவில் படாமல் தடுக்கும் வால்வும் இருக்கும்.

மூன்றாவது வாரம் அவர் வந்தபோது கிரியாட்டினின் 1.3. கசிவு காய்ந்து, பொருக்கு பாதி உதிர்ந்திருந்தது. தடித்த தோல் தட்டையாக இன்னும் சில வாரங்கள் ஆகும். அது ஸ்டோமாவின் வாயை நெருக்கிச் சுருக்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். சுருக்கிவிட்டால் சிறுநீர் பின்னால் தேங்கும், மறுபடி அறுவை சிகிச்சைகூட வேண்டியிருக்கலாம். துண்டு கட்டாமல் வந்திருந்தார். பழைய அட்டையைத் தூக்கிப் போட்டாயிற்றா என்று கேட்டேன். மருமகள் கிழித்துப் போட்டுவிட்டேன் என்றார்.

ஸ்டோமா கருநீலமாகவோ கருப்பாகவோ மாறினால், சில மணி நேரமாகப் பையில் சொட்டுகூட விழாவிட்டால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது மாற்றுப் பை ஒன்றையும், டிஸ்சார்ஜ் தாளையும், "எனக்குச் சிறுநீர்ப்பை இல்லை, இது சிறுநீர் ஸ்டோமா, கல்ச்சரைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம்" என்று மலையாளத்தில் யாரையாவது எழுதச் சொல்லி வாங்கிய ஒரு துண்டுச் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.