கட்டணத்தில் டிடிஎஸ் பிடித்தால் அந்தப் பணத்தை எங்கே எழுதுவது?

ஒரு பொறியியல் ஆலோசகர் 2025 ஜூலையில் ஒரு நிறுவனத்துக்கு 1,00,000 ரூபாய்க்கு பில் போடுகிறார், மேலே ஜிஎஸ்டி 18,000, ஆக மொத்தம் 1,18,000. வங்கியில் வந்து சேர்வது 1,08,000 தான். ஒரு நிதியாண்டில் ஒருவருக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், பணம் தருபவரே 10% வருமான வரியை டிடிஎஸ் ஆகப் பிடிக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விதி. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் பிடித்தம் கட்டணத்துக்கு மட்டும்தான், அதனால் 11,800 இல்லை, 10,000.

இந்தப் பத்தாயிரம் செலவும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. ஆலோசகர் கட்ட வேண்டிய வருமான வரியில் ஒரு பகுதியை வாடிக்கையாளர் அவர் பெயரில் முன்கூட்டியே அரசிடம் கட்டுகிறார். அதனால் பில் போடும் அன்றே வருமானம் முழுசாக 1,00,000 என்று பதிவாகிவிடும், வாடிக்கையாளர் பற்றில் 1,18,000, ஜிஎஸ்டி பொறுப்பு வரவில் 18,000. பணம் வந்ததும் இப்படி எழுதணும்:

```
வங்கி                    பற்று   1,08,000
டிடிஎஸ் வரவேண்டியது      பற்று     10,000
    வாடிக்கையாளர்        வரவு    1,18,000
```

நடுவில் உள்ள அந்த வரிதான் முக்கியம். வாடிக்கையாளர் கணக்கு பூஜ்ஜியமாகிவிடுகிறது, அவர் நமக்கு எதுவும் பாக்கி வைக்கவில்லை; பத்தாயிரம் இப்போது வரித்துறையிடம் நமக்கிருக்கும் சொத்து. பலர் வங்கியில் வந்ததை மட்டும் பார்த்து வருமானத்தை 90,000 என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வருமானமும் குறைவாகக் காட்டப்படும், நம் பெயரில் பிடித்த வரியை வரித்துறை காட்டும் 26AS அறிக்கையில் கட்டணம் 1,00,000 என்று நிற்பதால் முரண்பாடும் வரும். இன்னும் சிலர் நடு வரியை விட்டுவிடுவார்கள், வாடிக்கையாளர் பெயரில் 10,000 பாக்கி வருடக்கணக்காகத் தொங்கும். ஒரு கணக்கில் கட்டணத்தின் சரியாக 10% மட்டும் மிச்சம் நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மார்ச் மாதம்தான் தலைவலி. 2026 மார்ச்சில் இதே தொகைக்கு பில், பணம் ஏப்ரலில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் தரும்போதோ கணக்கில் வரவு வைக்கும்போதோ, எது முந்தியோ அப்போதே வாடிக்கையாளர் வரியைப் பிடிக்க வேண்டும், அதாவது மார்ச்சிலேயே. அப்போது 10,000-ஐ மட்டும் மார்ச் 31 தேதியில் வரவேண்டியதாக எழுதிவிட்டு, ஏப்ரலில் வங்கியின் 1,08,000-ஐத் தனியாக எழுதுவதே சரி. வருமானமும் அதற்கான வரிக் கழிவும் ஒரே ஆண்டில் நிற்கும்.

ஆனால் நம் புத்தகத்தில் எழுதியதால் மட்டும் கழிவு கிடைத்துவிடாது. வாடிக்கையாளர் பணத்தைக் கட்டி, காலாண்டு அறிக்கையில் நம் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்த பிறகுதான் அது 26AS-க்கு வரும். மார்ச் காலாண்டு அறிக்கைக்குக் கெடு மே 31, அதனால் ஏப்ரலில் தேடி இல்லையே என்று பதற வேண்டாம். ஜூன் பாதி தாண்டியும் காணோம் என்றால் பில் எண், தேதி, தொகையோடு அவருடைய கணக்குப் பிரிவிடம் கேளுங்கள், பான் எண்ணில் தவறு இருந்தால் திருத்த அறிக்கை அவர்தான் போட முடியும்.